பதினான்காம் நாளும் சீதத்தின் சாட்சியும்

மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து 14 ஆம் நாளே கருத்தரிப்புக்குரிய நாள் என்றொரு கணக்கு நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. 28 நாட்களுக்கொருமுறை மாதவிடாய் காணும் பெண்ணுக்கு அக்கணக்கு ஓரளவு பொருந்தும். ஆயின், 33 நாட்களுக்கொருமுறை காண்பவளுக்கோ, ஒரு மாதம் முந்தியும் மறுமாதம் பிந்தியும் காண்பவளுக்கோ அது வழிகாட்டாது. வழி தப்பவே செய்யும். சூலகத்திலிருந்து சூல் வெளிப்பட்ட பின்னர் அடுத்த மாதவிடாய் வருவதற்குப் பெரும்பாலும் இரண்டு வாரங்கள் செல்லும். அதற்கு முந்திய பகுதியே ஆளுக்கு ஆளும் மாதத்துக்கு மாதமும் கூடிக் குறைகின்றது. எனவே சூல் எப்பொழுது வெளிப்படும் என்பதை நாட்காட்டியைக் கொண்டு முன்கூட்டி உரைத்தல் அரிது. உடலோ அதற்கு ஓர் அடையாளம் காட்டுகின்றது.

கருப்பையின் அடிப்பாகம் ஒடுங்கி யோனிவழியை நோக்கி நிற்கும் இடம் கருப்பைக் கழுத்து எனப்படும். அதன் உட்சுவரிலுள்ள சுரப்பிகள் சீதத்தைச் சுரக்கின்றன. மாதவிடாய் நின்றதும் சில நாட்களுக்கு வெளியே யாதொன்றும் தோன்றாது, வரட்சியே உணரப்படும். அக்காலத்தில் தடித்த சீதம் கழுத்தின் வாயை அடைத்து நிற்பதால் விந்தணுக்கள் உள்ளே செல்லல் அரிதாகும். யோனியிலுள்ள அமிலத் தன்மையும் அவற்றை விரைவில் மாய்த்துவிடும். சூலகத்தில் ஒரு சூல் முதிரத் தொடங்கியதும் ஈஸ்ட்ரஜன் என்னும் ஓமோன் பெருகுகின்றது. சீதம் முதலிற் பசைபோல வெண்மையாய் ஒட்டும். பின்னர் நீர்ப்பற்று மிகுந்து கலங்கலாகும். ஈற்றில் பச்சை முட்டையின் வெண்கருபோலத் தெளிந்து, விரல்களிடையே அறாது நீளும். அப்பொழுது அதிற் பெரும்பகுதி நீரேயாகும். அதன் நுண்ணிழைகளின் இடையே வழி திறக்கின்றது. அச்சீதத்தின் ஆதரவில் விந்தணுக்கள் ஐந்து நாட்கள் வரையும் உயிர்த்திருத்தல் கூடும். வெளிப்பட்ட சூலோ ஒரு நாளுக்கு மேல் வாழாது. சூல் வெளிப்பட்டதும் புரொஜெஸ்தரோன் சுரந்து, ஓரிரு நாட்களிற் சீதத்தை மீண்டும் தடிப்பிக்கின்றது.

இம்மாற்றத்தைப் பெண்களே கவனித்துக் குறிக்கும் முறையை அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் மருத்துவர் ஜோன் பில்லிங்ஸ் 1953 முதல் வகுக்கத் தொடங்கினார். கருவி எதுவும் வேண்டியதில்லை. மலசலகூடம் செல்லுந்தோறும் வெளிப்புறத்தைத் துடைத்துப் பார்த்தலும், பகலில் ஈரமோ வழுக்கலோ உணரப்படுகின்றதா எனக் கவனித்தலும் போதும். உள்ளே விரலிட்டு நோக்குதல் வேண்டாம். அங்கு எப்பொழுதும் ஈரமிருப்பதால் அது மயக்கத்தையே தரும். அன்று கண்டவற்றுள் ஈரம் மிகுந்த நிலையை இரவிற் குறித்து வைத்தல் வேண்டும்.

33 நாள் வட்டமுடைய ஒருத்தியின் குறிப்பேட்டை எண்ணிப் பார்க்கலாம். முதல் ஐந்து நாட்கள் உதிரப்போக்கு. 6 முதல் 12 வரை வரட்சி. 13 ஆம் நாள் ஒட்டும் வெண்சீதம். 16 ஆம் நாள் ஈரம். 17, 18 ஆம் நாட்களில் தெளிந்து வழுக்கும் சீதம். 19 ஆம் நாள் மீண்டும் பசை. வழுக்கல் உணரப்பட்ட இறுதி நாளான 18 ஆம் நாளே உச்சநாள். சூல் பெரும்பாலும் அந்நாளிலோ அதனை அடுத்தோ வெளிப்படும். பிள்ளையை வேண்டி 13, 14 ஆம் நாட்களில் மட்டும் கூடிய தம்பதியர் காலத்துக்கு முந்திவிட்டனர். 16 முதல் 18 வரையுள்ள நாட்களே அவர்களுக்கு உகந்தவை. பிள்ளை வேண்டாதோர் 14 கடந்ததென்று கவலை ஒழிந்திருப்பாராயின், மிக வளமான நாட்களிலேயே அகப்படுவர். அவர்கள் முதற் சீதம் தோன்றியது முதல், உச்சநாளுக்குப் பின் மூன்று முழு நாட்கள் கழியும்வரை விலகியிருத்தல் வேண்டும்.

இங்கே ஒரு சிக்கலுண்டு. உச்சநாள் இன்னதென்பது அடுத்த நாள் சீதம் மாறிய பின்னரே தெரியும். ஆதலால் பிள்ளை வேண்டுவோர் உச்சத்துக்குக் காத்திராது, வழுக்கல் தோன்றியவுடனேயே அதனைப் பயன்கொள்ளல் நன்று.

மயக்கந் தரும் நிலைகளும் உள. கூடலின் மறுநாள் விந்துநீரின் எச்சம் சீதமெனத் தோன்றும். தயிர்த்திரள் போன்ற போக்கு, மஞ்சள் அல்லது பச்சை நிறம், துர்நாற்றம், அரிப்பு என்பன தொற்றின் குறிகள். அவற்றுக்கு மருத்துவம் வேண்டும். கருத்தடை மாத்திரைகள் உட்கொள்வோரிடம் இவ்வடையாளத்தை நம்பலாகாது. சூலகத்திற் பல சிறு நீர்க்கட்டிகள் உடைய சிலருக்கு வழுக்கும் சீதம் தோன்றித் தோன்றி மறையும். சூல் வெளிப்படாமலே போகவும் கூடும். சீதம் ஈஸ்ட்ரஜனின் பெருக்கத்தைக் காட்டுமேயன்றிச் சூல் வெளிப்பட்டதை நிறுவாது. காலையில் எழுமுன் அளந்த உடல்வெப்பம் சற்றே உயர்ந்து மூன்று நாட்கள் நிலைத்திருப்பின் ஐயம் பெரிதும் நீங்கும். பல மாதங்களாக வழுக்கலே காணாதவள் தன் குறிப்பேட்டை மருத்துவரிடம் எடுத்துச் செல்வாளாயின், எந்நாளில் எச்சோதனை செய்வதென அவர் தீர்மானிக்க அது உதவும்.