"சொந்த ஊர் எது?" என்பதா இன்டர்வியூ கேள்வி? எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே மார்க்... தயாரிப்பது எப்படி?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய மெஷின் ஷாப். சி.என்.சி. லேத் ஆபரேட்டர் வேலைக்கு இரண்டு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆளிடம் "சொந்த ஊர் எது, அங்க யாரைத் தெரியும்?" என்று பேச்சு ஓடுகிறது. இரண்டாவது ஆளிடம் டிராயிங்கை நீட்டி கஷ்டமான கேள்விகள். கடைசியில் "முதல் பையன் நல்லா பேசினான்" என்று வேலை அவருக்கே போகிறது. இருவரையும் ஒப்பிடவே இல்லை என்பதுதான் இங்கே பிரச்னை.

இதைத் தவிர்க்க உதவுவதுதான் 'கட்டமைக்கப்பட்ட நேர்காணல்'. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, முன்கூட்டியே எழுதிவைத்த மார்க் அளவுகோல்.

உச்ச நீதிமன்றம் வரை போன விவகாரம்

இந்தச் சிக்கல் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மருத்துவக் கல்லூரி சேர்க்கைக்கு ஒரு காலத்தில் இன்டர்வியூ இருந்தது. மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 அதற்குத்தான். எந்தெந்தத் தகுதிகளைப் பார்க்க வேண்டும் என்று தனித்தனித் தலைப்புகள் விதியிலேயே இருந்தன. ஆனால் தேர்வுக்குழு தலைப்புவாரியாகப் போடாமல், மொத்தமாக ஒரே மதிப்பெண்ணைப் போட்டது. பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், 1970-ல் உச்ச நீதிமன்றம் இது தவறு என்றது. மொத்தமாக மார்க் போட்டால், எதற்காகக் கொடுத்தார்கள் என்று யாராலும் சரிபார்க்க முடியாது.

கேள்வி எங்கிருந்து வரும்?

வேலையிலிருந்துதான் வர வேண்டும். ஷாப் ஃப்ளோரில் சூப்பர்வைசரிடம், "போன மாசம் எதனால ஜாப் ரிஜெக்ட் ஆச்சு?" என்று கேட்டாலே பாதி கேள்வி கிடைத்துவிடும். உதாரணத்துக்கு ஒன்று:

"டிராயிங்கில் விட்டம் 25 மி.மீ., கூட்டியோ குறைத்தோ 0.02 வரை போகலாம். மைக்ரோமீட்டரில் 25.05 காட்டுது. நீங்க என்ன செய்வீங்க?"

கேள்வியோடு பதிலுக்கான அளவுகோலையும், முதல் ஆள் உள்ளே வருவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும்.

5 மார்க்: மெஷினை நிறுத்தி, ஜாப்பைத் துடைத்து மறுபடி அளப்பேன். இன்சர்ட் தேய்ந்திருக்கா என்று பார்ப்பேன். வியர் ஆஃப்செட்டில் 0.05 குறைத்து, அடுத்த ஜாப்பை அளப்பேன். கடைசியாகச் சரியாக இருந்த பீஸுக்குப் பிறகு வந்த எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைப்பேன்.

3 மார்க்: ஆஃப்செட்டைத் திருத்துவேன் என்கிறார், ஏற்கனவே ஓடிய பீஸ்கள் பற்றிப் பேசவில்லை.

1 மார்க்: "சூப்பர்வைசரைக் கூப்பிடுவேன்" என்பதோடு நின்றுவிடுகிறார்.

இப்போது நம் இருவரையும் பாருங்கள். சரளமாகப் பேசிய முதல் ஆள் ஆஃப்செட்டோடு நிறுத்தினால் அவருக்கு 3. தயங்கித் தயங்கிப் பேசினாலும், பழைய பீஸ்களைத் தனியே எடுத்துவைத்தவருக்கு 5. வாடிக்கையாளருக்குத் தப்பான பீஸ் போகாமல் காப்பாற்றுவது இரண்டாமவர்தான். இப்படி ஐந்தாறு கேள்விகள் போதும்.

மார்க் போடும்போது கவனிக்க வேண்டியது

கேட்பவர்கள் இரண்டு பேர் இருந்தால், ஒருவர் மார்க்கை இன்னொருவர் பார்க்காமல் தனித்தனியாகப் போட வேண்டும். ஒவ்வொரு பதில் முடிந்ததும் உடனே போட வேண்டும். கடைசியில் போட்டால், முதல் பதிலில் பிடித்துப்போனவருக்கு மற்ற பதில்களிலும் மார்க் ஏறிவிடும். ஒரே பதிலுக்கு ஒருவர் 5, இன்னொருவர் 2 என்றால், எழுதிவைத்த குறிப்பை வைத்துப் பேசித் தீர்க்கலாம். சராசரி எடுத்து மூடிவிடக் கூடாது. பெரும்பாலும் அளவுகோல் தெளிவாக இல்லை என்பதன் அறிகுறி அது.

துணைக்கேள்விக்கும் இதே விதிதான். "வேற ஏதாவது செய்வீங்களா?" என்று ஒருவரிடம் கேட்டால் எல்லோரிடமும் கேட்க வேண்டும். "பழைய பீஸ்களை என்ன பண்ணுவீங்க?" என்று ஒருவருக்கு மட்டும் எடுத்துக்கொடுத்தால், அவருடைய 5-க்கு அர்த்தமில்லை.

பெண்களிடம் மட்டும் "கல்யாணம் ஆனா வேலையை விட்டுடுவீங்களா?" என்று கேட்பது இந்த முறையில் கிடையாது. நைட் ஷிஃப்ட் உண்டு என்றால், "நைட் ஷிஃப்ட் வர முடியுமா?" என்று ஆண், பெண் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கலாம்.

எங்கே சறுக்கும்?

வந்த எல்லோருமே 5 வாங்கினால், கேள்வி ரொம்ப சுலபம், அல்லது வெளியே காத்திருப்பவர்களுக்குக் கசிந்துவிட்டது. பதில் சொல்லி முடித்தவர்கள் வேறு வழியாகப் போகும்படி செய்தால் கசிவு குறையும். முன்கூட்டியே சரிபார்க்க, இப்போது வேலை செய்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். திறமையான ஆபரேட்டரே 2 வாங்கினால் மாற்ற வேண்டியது கேள்வியைத்தான்.

இன்னொரு எல்லையும் உண்டு. வாயால் சரியாகச் சொல்பவர் கையால் சரியாகச் செய்வார் என்று சொல்ல முடியாது. அதனால் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து, எல்லோரையும் ஒரே ஜாப்பை அளக்கச் சொல்வதும் மார்க் ஷீட்டில் ஒரு வரியாக இருக்க வேண்டும். வேலை கிடைக்காதவர் "எனக்கு ஏன் இல்லை?" என்று கேட்டால், எந்தப் பதிலில் எத்தனை மார்க் குறைந்தது என்று அந்த ஷீட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.