பக்கத்துக்கு 28 எண்கள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில நீதிமன்றங்களில் தாக்கலாகும் மனுவைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது இடது ஓரம்தான். மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று 28 வரை எண்கள் இறங்கும். எண்களுக்கும் எழுத்துக்கும் நடுவே செங்குத்தாக ஒரு கோடு. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் மறுபடியும் 1 முதல் 28. மனு ஐம்பது பக்கம் இருந்தாலும் இதே கதைதான். இப்படிப்பட்ட தாளுக்கு அங்கே ‘பிளீடிங் பேப்பர்’ என்று பெயர்.

எண்கள் சுட்டிக் காட்டுவதற்காக இருக்கின்றன. ஒரு வக்கீல் தன் வாதத்தில் 6:14-18 என்று எழுதினால் ஆறாம் பக்கம், 14 முதல் 18 வரையுள்ள வரிகள் என்று பொருள். நீதிபதி அந்த இடத்தை நொடியில் பிடித்துவிடுவார். முழு விசாரணைக்குப் போகாமலே தீர்ப்புக் கேட்கும் மனுக்களில் இது கட்டாயமும்கூட. ஒவ்வொரு உண்மைக்கும் ஆதாரம் எந்த ஆவணத்தில், எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்கிறது அம்மாநில நீதிமன்ற விதி 3.1350.

தட்டச்சுக் காலத்தில் இதில் சிக்கல் குறைவு. எண்கள் தாளிலேயே அச்சாகி வரும். தட்டச்சர் அவற்றுக்கு நேராக அடித்துக்கொண்டு போவார். இப்போது எண்களையும் எழுத்தையும் கணினியே போடுகிறது. மனுவின் நடுவில் எண்கள் திடீரென 1-க்குத் திரும்புவது, 29, 30 என்று ஓடுவது, சில பக்கங்களில் காணாமலே போவது, இருந்தும் வரிக்கு நேராக நிற்காமல் சறுக்குவது எல்லாம் அதனால்தான்.

எண் யாருடையது?

வேர்ட் மென்பொருளில் ஓரத்து எண்களைப் போட இரண்டு வழிகள் உண்டு. எது பழுதானாலும், இந்த இரண்டில் எது பயன்பட்டிருக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வழியில் எண்கள் பக்கத்துக்குச் சொந்தம். ஹெட்டர் எனப்படும் பக்கத் தலைப்பகுதிக்குள் ஒரு பெட்டியை வைத்து, அதில் 1 முதல் 28 வரை எழுதி, இடது ஓரத்தில் நீளமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். ஹெட்டரில் இருப்பது எல்லாப் பக்கத்திலும் வரும் என்பதால் எண்களும் வரும். இரண்டாவது வழியில் எண்கள் எழுத்துக்குச் சொந்தம். `Layout > Line Numbers` என்ற இடத்தில் சொல்லிவிட்டால் வேர்டே வரிகளை எண்ணி ஓரத்தில் எண்ணிடும்.

வித்தியாசம் தியேட்டர் நாற்காலி எண்ணுக்கும் வரிசையில் நிற்பவருக்குக் கொடுக்கும் டோக்கனுக்கும் உள்ளதுதான். நாற்காலிக்கு ஆள் வராவிட்டாலும் எண் இருக்கும். ஆள் இல்லாமல் டோக்கன் இல்லை.

எந்த வழி என்று கண்டுபிடிப்பது எளிது. பக்கத்தின் மேல் ஓரத்தில் இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். மங்கலாக இருந்த எண்கள் கறுப்பாகி, மனுவின் எழுத்து மங்கினால் அவை ஹெட்டரில் இருக்கின்றன. அப்படி ஆகாவிட்டால் `Line Numbers` பட்டியலைத் திறந்து பாருங்கள். `None` தவிர வேறெதிலாவது குறி இருந்தால் வேர்ட் எண்ணுகிறது. இரண்டும் ஒரே கோப்பில் சேர்ந்துவிடுவதும் உண்டு. அப்போது ஓரத்தில் இரண்டு வரிசை எண்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும்.

வேர்ட் எண்ணும்போது

அந்தப் பட்டியலில் `Continuous`, `Restart Each Page`, `Restart Each Section` என்று மூன்று தேர்வுகள் உள்ளன. கலிஃபோர்னியா விதி 2.108-இன்படி ஒவ்வொரு பக்கமும் 1-இல் தொடங்க வேண்டும். ஆகவே `Restart Each Page` மட்டுமே பொருந்தும். `Continuous` இருந்தால் இரண்டாம் பக்கம் 29-இல் தொடங்கிவிடும்.

`Restart Each Section` செய்யும் குழப்பம் இன்னும் நுட்பமானது. செக்‌ஷன் என்பது கோப்புக்குள் தனி அமைப்புகள் கொண்ட ஒரு பகுதி. ஒரு பக்கத்தின் நடுவில் யாரோ செக்‌ஷன் பிரேக் ஒன்றைப் போட்டிருந்தால் 1 முதல் 12 வரை வந்த எண்கள் அதே பக்கத்தில் மீண்டும் 1-இல் தொடங்கும். இப்போது அந்தப் பக்கத்தில் ‘வரி 5’ இரண்டு இருக்கும். 6:5 என்று சுட்டினால் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

தேர்வைச் சரியாக மாற்றிய பிறகும் ஒன்பதாம் பக்கத்தில் பழைய எண்ணிக்கையே ஓடுகிறது என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். இந்த அமைப்பு கர்சர் நிற்கும் செக்‌ஷனுக்கு மட்டுமே பொருந்தும் என்பதுதான் காரணம். `Line Numbering Options` வழியே போய் `Apply to` என்ற இடத்தில் `Whole document` என்று மாற்றினால் எல்லாப் பகுதிக்கும் பரவும்.

எண் தாவுவதற்கும் காரணம் உண்டு. ஒரு பத்திக்கு `Suppress for Current Paragraph` போட்டிருந்தால் அதன் வரிகள் எண்ணப்படவே மாட்டா. அந்தப் பத்திக்கு முன் 9 என்றால், பத்தி முடிந்ததும் 10. நடுவே வெறும் ஓரம். அடிக்குறிப்பு, டெக்ஸ்ட் பாக்ஸ் ஆகியவற்றுக்குள் உள்ள வரிகளுக்கும் அதே நிலைதான். அட்டவணைக்கும் எண் விழாது.

இந்த அட்டவணை விஷயம்தான் கலிஃபோர்னியாவில் கழுத்தைப் பிடிக்கும். நான் மேலே சொன்ன விதி 3.1350-இன் கீழ் தர வேண்டிய உண்மைகளின் பட்டியலை இரண்டு பத்திகளாகப் பிரித்துத் தர வேண்டும். இடப்பக்கம் உண்மை, வலப்பக்கம் ஆதாரம். அதை எல்லோரும் அட்டவணையாகத்தான் போடுவார்கள். அந்த ஆவணத்தை வேர்டின் எண்ணிக்கையை நம்பி விட்டால், இருபது பக்கம் இருந்தால் இருபது பக்கமும் ஓரம் காலியாகக் கிடக்கும். வக்கீல் அலுவலகங்கள் ஹெட்டர் வழியை விடாமல் வைத்திருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

ஹெட்டர் வழியில் சறுக்குவது

ஹெட்டர் எண்கள் தாவாது, பாதியில் 1-க்குத் திரும்பாது. ஆனால் எழுத்து எங்கே போகிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. இரண்டையும் நேராக நிறுத்துவது தட்டச்சு செய்பவர் பொறுப்பு, அதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

விதி 2.108 நீள வாக்கில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் குறைந்தது மூன்று எண்கள் வேண்டும் என்கிறது. ஓர் அங்குலம் 72 பாயின்ட். மூன்றால் வகுத்தால் 24. எனவே எண்களுக்கிடையே 24 பாயின்டுக்கு மேல் இருக்க முடியாது. 28 எண்களுக்கு 672 பாயின்ட். தாளின் 11 அங்குல உயரம் 792 பாயின்ட். மீதி 120-இல் மேலே ஓர் அங்குலம் விட்டால் கீழே 48 பாயின்ட் மிஞ்சும். முதல் பக்கத்துக்கான விதி 2.111-உம் இதே கணக்கோடு ஒத்துப்போகிறது. நீதிமன்றத்தின் பெயர் எட்டாம் வரியில், தாளின் மேல்விளிம்பிலிருந்து 3.33 அங்குலத்தில் அல்லது அதற்குக் கீழே வர வேண்டும் என்கிறது அது. மேலே ஓர் அங்குலம், பிறகு 24 பாயின்டாக ஏழு வரி என்று கூட்டினால் சரியாக அதே 3.33 வருகிறது.

இந்தத் தாளில் ஒருவர் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்தை 12 பாயின்டில் வைத்து, வரி இடைவெளிக்கு `Double` என்று தேர்ந்தெடுக்கிறார். இரட்டை இடைவெளிதானே கேட்கிறார்கள் என்று நினைப்பது இயல்பு. ஆனால் வேர்ட் இரட்டிப்பது எழுத்தின் 12 பாயின்டை அல்ல. அந்த எழுத்துருவின் ஒற்றை வரி உயரத்தை, அதாவது ஏறக்குறைய 13.8 பாயின்டை. ஆக ஒரு வரி 27.6 பாயின்ட் ஆகிறது. ஓரத்து எண்களோ 24-இல் நிற்கின்றன. வரிக்கு வரி 3.6 பாயின்ட் சறுக்கும். முதல் இரண்டு மூன்று வரிகளில் கண்ணுக்குத் தெரியாது. எட்டாவது வரிக்கு வரும்போது 25 பாயின்ட் விலகி, அது 9 என்ற எண்ணுக்கு நேராக வந்து நிற்கும். பக்கம் முடிவதற்குள் 28 எண்களுக்கு எதிரே 24 வரிகளுக்குமேல் கொள்ளாது. மருந்து ஒன்றுதான்: பத்தி அமைப்பில் `Line spacing` என்ற இடத்தில் `Exactly`, அளவு 24, `Before`, `After` இரண்டும் 0.

அப்படியும் சில இடங்களில் பாதி வரி பிசகும். மேற்கோள்களை ஒற்றை இடைவெளியில் அடிக்க விதி அனுமதிக்கிறது. 12 பாயின்டில் ஐந்து வரி மேற்கோள் 60 பாயின்ட் எடுக்கும். அது இரண்டரை எண்ணுக்குச் சமம் என்பதால், அதன் பின் வரும் வரிகள் எல்லாம் இரண்டு எண்களுக்கு நடுவே தொங்கும். மேற்கோளின் கடைசியில் மட்டும் `After` 12 பாயின்ட் கொடுத்தால் 72 ஆகி, மூன்று எண்களோடு சரியாக முடியும். பக்க அடியில் 27, 28 எண்களுக்கு நேரே எழுத்தில்லாமல் போனால் `Widow/Orphan control` வேலை செய்கிறது. பத்தியின் ஒற்றை வரி தனித்து நிற்கக் கூடாது என்று அது வரியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது. அதை அணைத்துவிட்டால் வரி திரும்பி வரும்.

சில பக்கங்களில் மட்டும் எண்களே இல்லையென்றால் அங்கே புதிய செக்‌ஷன் தொடங்கியிருக்கும். அதன் ஹெட்டரில் `Link to Previous` அணைந்து, ஹெட்டர் காலியாக இருக்கும். முதல் பக்கத்தில் மட்டும் காணாமல் போனால் `Different First Page` குறியிடப்பட்டு அந்தத் தனி ஹெட்டர் நிரப்பப்படாமல் கிடக்கும். எல்லாப் பக்கத்திலும் 27, 28 மட்டும் வெட்டுப்பட்டிருந்தால் யாரோ `Normal` பாணியில் பத்திக்குப் பின் இடைவெளி சேர்த்திருக்கிறார்கள். எண் பெட்டியும் அந்தப் பாணியையே பின்பற்றினால் எண்கள் அகன்று பெட்டிக்கு வெளியே போய்விடும்.

விதிக்கு ஒவ்வாத தாளைத் தாக்கலுக்கு ஏற்கக் கூடாது என்று நீதிமன்ற எழுத்தருக்கு விதி 2.118 சொல்கிறது, கடைசி நாளில் திரும்பி வந்தால் கெடு தவறும். அதைவிட வெளியே தெரியாத ஆபத்து, சரிசெய்த பிறகு வருவது. வரி இடைவெளியை 27.6-இலிருந்து 24-க்கு மாற்றினால் பத்து பக்கப் பிரமாண வாக்குமூலம் ஒன்பது பக்கத்துக்குள் அடங்கிவிடும். 6:14 என்று இருந்த வாக்கியம் வேறு பக்கத்துக்கும் வேறு எண்ணுக்கும் போயிருக்கும். அதைச் சுட்டிய மனுவில் பழைய எண்ணே இருக்கும். வேர்ட் அதை எச்சரிக்காது. அனுபவமுள்ள அலுவலகங்கள் அதனால்தான் வாக்குமூலத்தைக் கையெழுத்துக்கும் பி.டி.எஃப்.புக்கும் அனுப்பி முடிக்கும்வரை மனுவில் பக்க, வரி எண்களுக்கான இடத்தை வெறுமையாகவே விட்டு வைக்கின்றன. பிறகு அந்த பி.டி.எஃப்.பைத் திறந்துவைத்து ஒவ்வொன்றாக நிரப்புகின்றன.