பாலிஷுக்கு முன்னால் ஒரு நிமிடம்

கட்டில் கடைக்குள் போனால் நம் கண்ணில் படுவது பாலிஷ்தான். அடியில் இருப்பது வைரம் பாய்ந்த மரமா, ஓரத்தில் அறுத்த வெளுப்பா? காலும் சட்டமும் கழுந்து வைத்துக் கோத்தவையா, ஆணி அடித்து நிறுத்தியவையா? விரிசலில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்திருக்கிறார்களா? சாயம் ஏறிவிட்டால் இதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. “அண்ணே, இது நல்ல தேக்குதானே?” என்று கேட்போம், “கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்” என்பார் கடைக்காரர். நாற்பது, ஐம்பதாயிரம் ரூபாய்ப் பேரம் அந்த ஒரு பதிலை நம்பியே முடிந்துவிடுகிறது.

அதனால்தான் இப்போது பல தச்சர்கள் பட்டறையில் வேலை நடக்கும்போதே கைபேசியில் சின்னச் சின்ன வீடியோக்கள் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுகிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் பெரும்பாலான வீடியோக்களில் வருவது இழைப்பு மெஷினிலிருந்து பறக்கும் சீவல், பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு, கடைசியில் பளபளக்கும் கட்டில். பார்க்க அழகாக இருக்கும். வாங்குகிறவருக்கு அதிலிருந்து தெரியவருவது ஒன்றுமில்லை. பாலிஷ் எதையெல்லாம் மூடிவிடுமோ, அதையெல்லாம் அதற்கு முன்பே காட்டுவதற்குத்தான் இந்த வீடியோ. மற்றதைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு தச்சர் ஆறரைக்கு ஐந்தடி தேக்குக் கட்டில் ஒன்றை விற்பனைக்காகச் செய்துவைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் காட்ட வேண்டியது மரத்தின் ஈரம். ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் பலகையின் மேற்பரப்பில் குத்தி எண்ணைக் காட்டுவது போதாது. ஊசி இறங்குவது சில மில்லிமீட்டர் ஆழம்தான். பல நாள் வெயிலில் கிடந்த பலகை மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும். ஆகவே பலகையின் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி, கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே அறுக்க வேண்டும். அந்தப் புது வெட்டுமுகத்தின் நடுவில் ஊசியைக் குத்த வேண்டும். வீட்டுக்குள் போடும் சாமானுக்கு 10 முதல் 12 சதவீதம் வந்தால் நல்லது. 18 வந்தால் அந்த மரம் இன்னும் வேலைக்குத் தயாராகவில்லை.

அப்படித் தயாராகாத மரத்தில் வேலை செய்தால் என்ன ஆகும்? மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில் சுருங்கும். ஓரடி அகலத் தேக்குப் பலகை 18 சதவீத ஈரத்திலிருந்து 10க்கு இறங்கினால், அறுத்த விதத்தைப் பொறுத்து 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை அகலம் குறைந்துவிடும். அந்தப் பலகையைச் சுற்றிலும் பசை போட்டு இறுக்கியிருந்தால் சுருங்க இடமில்லாமல் நடுவில் வெடிக்கும். ஏசி அறையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வாங்கிய ஆறாவது மாதம் தலைமாட்டுப் பலகையில் நீளமாக ஒரு கீறல் விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

அடுத்தது மரத்தின் நிறம். தேக்கின் உள்மரம் பொன்பழுப்பு நிறம். பட்டையை ஒட்டிய வெளிமரம் வெளிறிய மஞ்சள். உள்மரத்தைக் கரையான் எளிதில் தொடாது. வெளிமரத்துக்கு அந்தப் பலம் கிடையாது. அதில் மாவுச்சத்து இருப்பதால் துளைக்கும் வண்டுகளுக்கும் அதுவே பிடித்த இடம். பிறகு குண்டூசித் தலையளவு ஓட்டைகளும், தரையில் மாவு போன்ற தூளும் தெரியும். கானா, ஈக்வடார் போன்ற நாடுகளின் தோட்டங்களிலிருந்து வரும் இளந்தேக்கில் வெளிமரத்தின் பங்கு அதிகம். அதைத் தவறு என்று சொல்ல முடியாது, விலையும் குறைவு. வெளிமரத்துக்குச் சாயம் பூசி உள்மரத்தின் விலைக்கு விற்பதுதான் தவறு. எனவே இழைத்து முடித்த கால்களையும் சட்டங்களையும் வரிசையாகப் படுக்கவைத்து, நான்கு பக்கமும் திருப்பிக் காட்ட வேண்டும். ஒரு சட்டத்தில் விரற்கடை அளவு வெளிமரம் வந்திருந்தால் அதையும் மறைக்காமல் காட்டி, “இந்தப் பக்கம் உள்ளே திரும்பிடும், மருந்து அடிச்சிருக்கோம்” என்று சொல்லிவிடலாம். குறையைத் தானாகச் சொல்கிறவர் மற்றதைப் பற்றிச் சொல்வதையும் வாடிக்கையாளர் நம்புவார்.

பட்டறை வேலையில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் கழுந்து இறங்குவது. சட்டத்தின் முனையை நாக்கு போலச் செதுக்கி, காலில் குடைந்த துளைக்குள் இறக்குகிறார்கள். கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. அதைவிட மெலிந்தால் கழுந்து முறியும், தடித்தால் துளையின் சுவர் பிளக்கும். இங்கே காட்ட வேண்டியது பசை போடாமல் கோத்துப் பார்ப்பதை. கொட்டாப்புளியால் தட்டத் தட்ட உள்ளே போகும்; தோள் வந்து காலில் அமர்ந்ததும் தட்டும் ஓசை மாறும். அதனால்தான் பாட்டு வேண்டாம் என்கிறேன், அந்த ஓசை கேட்க வேண்டும். பிறகு சட்டத்தின் ஒரு முனையை மட்டும் பிடித்துத் தூக்க வேண்டும். பசையில்லாமலே காலும் கூடவே வந்தால் பொருத்தம் சரி. கழன்று விழுந்தால் இடைவெளி இருக்கிறது. பசை அதை நிரப்பும், ஆனால் வருடக்கணக்கில் தாங்காது. ஆடும் கட்டில்களில் பலவும் இப்படி ஆரம்பித்தவைதான். நீளச் சட்டங்கள் மட்டும் கழற்றி மாட்டும்படி போல்ட்டில் இருக்கும். கட்டிலை மாடிப்படியில் ஏற்ற வேண்டுமே!

இத்தனையும் காட்டினாலும், வீடியோவில் வந்த கட்டில்தான் கடையில் நிற்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்? நல்ல மரத்தைப் படம் எடுத்துவிட்டு வேறு மரத்தில் செய்தவர்களும் உண்டு. இதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. வேலையின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு காலின் உட்புறத்திலும் ஒவ்வொரு சட்டத்தின் பின்புறத்திலும் உளியால் ஓர் எண் வெட்டிவிட வேண்டும். 27 என்றால் எல்லாவற்றிலும் 27. ஈரம் பார்க்கும்போதும் கோக்கும்போதும் அந்த எண் படத்தில் வர வேண்டும். ஒவ்வொரு காட்சியும் நடுவில் வெட்டாமல் ஓட வேண்டும். எண் வெட்டிய பக்கத்துக்குச் சாயம் கூடாது, நிறமில்லாத பாலிஷ் போதும். வாங்க வருபவர் குனிந்து எண்ணைப் பார்த்து, கைபேசியில் உள்ளதோடு மரத்தின் ரேகையையும் ஒப்பிடலாம். எண்ணைப் போலியாக வெட்டலாம், ரேகையை அப்படிச் செய்ய முடியாது.

ஆர்டர் கொடுத்துச் செய்பவர்களுக்கு இது வேறு மாதிரி. முன்பணம் கொடுக்கும்போது அவர்கள் பார்ப்பது இன்னொருவருடைய கட்டிலின் வீடியோவை. அது தச்சரின் வழக்கத்தைச் சொல்லும், தங்கள் மரத்தைப் பற்றிச் சொல்லாது. “பாலிஷுக்கு முன்னாடி எங்க கட்டிலையும் இதே மாதிரி எடுத்து அனுப்புங்க, பார்த்துட்டு அடுத்த தவணை தர்றேன்” என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

தலைமாட்டுப் பலகை சட்டத்தின் காடிக்குள் பசையில்லாமல், கொஞ்சம் அசைய இடம்விட்டு நிற்பதையும் அந்த வீடியோவில் கேட்டுப் பாருங்கள். விவரம் தெரிந்த தச்சர் அந்தப் பலகைக்கு மட்டும் கோப்பதற்கு முன்பே பாலிஷ் போட்டுவிடுவார். இல்லையென்றால் கோடையில் பலகை சுருங்கும்போது காடியின் ஓரத்தில் பாலிஷ் படாத வெளிறிய கோடு ஒன்று தெரியும். அப்படித் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பலகை அசைகிறது, வெடிக்கவில்லை. ஒரு துணியில் பாலிஷைத் தொட்டு அந்தக் கோட்டின் மேல் தடவிவிட்டால் போதும்.