240 தோல்விகளில் ஒன்று மட்டும் வேறு

மாணவர்களே, அதிகாலை 2.26 மணி. ஒரு நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் இரவுப் பணியில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றுகிறது. வெளியே உள்ள ஒரே முகவரியிலிருந்து 24 நிமிடங்களில் 240 உள்நுழைவு முயற்சிகள் நடந்திருக்கின்றன. அத்தனையும் தோல்வி. 'யாரும் உள்ளே வரவில்லையே' என்று விட்டுவிடலாமா?

இது விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்ட நிகழ்வு. ஆனால், இத்தகைய எச்சரிக்கைகள் வி.பி.என். வைத்திருக்கும் நிறுவனங்களுக்குப் புதியவை அல்ல. வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊழியர், இணையம் வழியாக நிறுவனத்தின் உள் கணினிகளை அடைவதற்கான வாசலே வி.பி.என். நுழைவாயில். ஊழியர் எங்கிருந்தும் வரவேண்டும் என்பதால் அந்த வாசல் பொது இணையத்தைப் பார்த்தபடி இருக்கும். அதனால் உலகின் எந்த மூலையிலிருந்தும் எவரும் அதைத் தட்டிப் பார்க்கலாம்.

மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றால் முதலில் என்ன செய்கிறார்கள்? சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிக்கிறார்கள். அதிகமாகக் கத்துபவர்தான் அதிக ஆபத்தில் இருப்பவர் என்று அவர்கள் முடிவு செய்வதில்லை. எச்சரிக்கைகளையும் அப்படித்தான் பிரிக்க வேண்டும். 240 என்ற எண்ணிக்கை வெறும் சத்தம். அதற்குப் பின்னால் இருப்பதைச் சில கேள்விகள் காட்டிக் கொடுக்கும்.

முகவரி யாருடையது?

நம் எடுத்துக்காட்டில் முகவரி 203.0.113.45. (இது விளக்கங்களில் பயன்படுத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்ட எண்.) ஓர் இணைய முகவரி எந்த நிறுவனத்திற்கு வழங்கப்பட்டது என்பதைப் பொதுப் பதிவேட்டில் தேடலாம். அது நம் கிளை அலுவலகத்தின் முகவரி என்றால் கதையே வேறு. அங்குள்ள கருவியில் ஏதோ கோளாறு ஏற்பட்டு, எல்லா ஊழியர்களின் உள்நுழைவும் தடைபட்டிருக்கலாம். கைப்பேசிச் சேவை நிறுவனத்தின் முகவரி என்றாலும் கவனம் தேவை. பல வாடிக்கையாளர்கள் அதைப் பகிர்ந்துகொள்வதால், அதைத் தடுத்தால் நம் ஊழியர்களும் வெளியே நிற்க நேரிடும்.

இந்த முகவரியோ, கணினிகளை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்திற்குச் சொந்தமானது. நம் ஊழியர்கள் அங்கிருந்து வருவதற்குக் காரணம் இல்லை. சந்தேகம் வலுக்கிறது. ஆனால், பதிவேடு வாடகைக்கு விட்டவரைத்தான் சொல்லும். வாடகைக்கு எடுத்தவரைச் சொல்லாது.

எத்தனை பெயர்கள்?

240 முயற்சிகளும் ஒரே பயனர் பெயரில் இருந்தால் என்ன பொருள்? ஒருவர் அந்தக் கணக்கைக் குறிவைத்து வெவ்வேறு கடவுச்சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அல்லது, நேற்றுக் கடவுச்சொல்லை மாற்றிய ஊழியரின் வீட்டு மடிக்கணினி, தன்னிடம் சேமித்து வைத்த பழைய சொல்லையே விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் இது பச்சைப் பிரிவு.

நம் பதிவேட்டில் அப்படி இல்லை. மொத்தம் 120 பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் சரியாக இரண்டு முயற்சிகள். ஆறு வினாடிக்கு ஒன்று வீதம் முதல் சுற்று 12 நிமிடத்தில் முடிகிறது. அடுத்த 12 நிமிடத்தில் அதே பெயர்களுக்கு இரண்டாம் சுற்று. விரலால் தட்டச்சு செய்யும் மனிதர் இப்படித் தாளம் தவறாமல் செய்வது அரிது. இது ஒரு நிரலின் வேலை.

ஏன் இரண்டோடு நிறுத்தியது? பல நிறுவனங்களில் ஒரு கணக்கில் ஐந்து முறையோ பத்து முறையோ தவறினால் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். பலரும் வைத்திருக்கக்கூடிய ஓர் எளிய கடவுச்சொல்லை எடுத்து, அதை எல்லாப் பெயர்களிலும் ஒருமுறை தெளித்துப் பார்த்தால் எந்தக் கணக்கும் பூட்டிக்கொள்ளாது. பூட்டு ஒன்றுக்குப் பல சாவிகளைப் போடுவதற்குப் பதிலாக, ஒரே சாவியை எல்லாப் பூட்டுகளிலும் போட்டுப் பார்க்கும் உத்தி இது. 120 பேரில் ஒருவர் அந்தச் சொல்லை வைத்திருந்தாலே போதும்.

ஏன் தோற்றது?

இதுதான் முக்கியமான கேள்வி. பதிவேட்டின் மூன்று வரிகளைப் பாருங்கள்.

```
02:07:42 FAIL src=203.0.113.45 user=kumar   reason=bad_password
02:07:48 FAIL src=203.0.113.45 user=admin2  reason=unknown_user
02:08:36 FAIL src=203.0.113.45 user=meiling reason=mfa_timeout
```

மூன்றிலும் FAIL என்றே இருக்கிறது. முதல் வரி: பெயர் சரி, கடவுச்சொல் தவறு. இரண்டாம் வரி: அப்படி ஒரு பயனரே இல்லை. மூன்றாம் வரியை நிதானமாகப் படியுங்கள். கடவுச்சொல் சரியாக இருந்தது. அதனால் நுழைவாயில் அடுத்த கட்டத்திற்குச் சென்று, 'உள்ளே நுழைவது நீங்கள்தானா?' என்று மெய்லிங்கின் கைப்பேசியில் கேட்டது. அவர் உறங்கிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் காத்திருந்த நுழைவாயில், பதில் வராததால் 'தோல்வி' என்று எழுதிவிட்டது.

காரணங்களை எண்ணிப் பார்த்தால் 225 தவறான கடவுச்சொற்கள், 14 இல்லாத பெயர்கள், ஒரே ஒரு பதிலில்லாச் சரிபார்ப்பு. அந்த ஒன்றுதான் சிவப்பு. அவரது கடவுச்சொல் வெளியாள் கையில் இருக்கிறது. முகவரியைத் தடுத்துவிட்டு உறங்கப் போனால், அவன் வேறு முகவரியிலிருந்து மீண்டும் வருவான்.

எல்லா நுழைவாயில்களும் காரணத்தை இவ்வளவு தெளிவாக எழுதுவதில்லை. சில, வெறுமனே 'தோல்வி' என்று நிறுத்திவிடும். அப்போது கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் சேவையகத்தின் பதிவேட்டையும் எடுத்து, நேரத்தை வைத்து இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

பிறகு யாராவது நுழைந்தார்களா?

அந்த முகவரியிலிருந்து வெற்றி பெற்ற உள்நுழைவு உண்டா என்று தேடுவது எளிது. அதோடு நிறுத்துவது பிழை. அந்த 120 பெயர்களில் எதுவாவது, அதற்குப் பிறகு பழக்கமில்லாத வேறு முகவரியிலிருந்து வெற்றி பெற்றதா என்றும் பார்க்க வேண்டும். ஓரிடத்திலிருந்து சோதித்துவிட்டு, வேறிடத்திலிருந்து அமைதியாக நுழைவது எளிதான வேலை.

வெற்றி எவ்வளவு அமைதியானது என்பதற்கு ஓர் உண்மை நிகழ்வு உண்டு. 2021 ஏப்ரல் 29ஆம் தேதி, அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் எரிபொருள் நிறுவனத்திற்குள் ஒருவர் வி.பி.என். வழியாக நுழைந்தார். யாரும் பயன்படுத்தாத, ஆனால் மூடப்படாத ஒரு கணக்கு அது. அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. சரியான கடவுச்சொல் என்பதால் கதவு திறந்தது. மே 7ஆம் தேதி மிரட்டல் செய்தி வந்த பிறகே விஷயம் தெரிந்தது. எரிபொருள் குழாய் பல நாள்கள் நிறுத்தப்பட்டது. நிறுவனம் கொடுத்த பணயத்தொகை ஏறத்தாழ 44 லட்சம் அமெரிக்க டாலர்.

நம் நிகழ்வில் யாரும் நுழையவில்லை. எனவே செய்ய வேண்டியவை இவை: மெய்லிங்கின் கடவுச்சொல்லை உடனே செல்லாததாக்குவது, திறந்திருக்கும் அவரது இணைப்புகளைத் துண்டிப்பது, அந்த முகவரியைத் தடுப்பது. பிறகு அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டும். மின்னஞ்சல் வேண்டாம், அதே கடவுச்சொல்லால் அவரது அஞ்சல்பெட்டியும் திறக்கக்கூடும்.

ஒருநாள் உங்கள் கைப்பேசியே 'உள்நுழைவது நீங்கள்தானா?' என்று கேட்கலாம். நீங்கள் எங்கும் நுழையவில்லை என்றால் 'இல்லை' என்பதை அழுத்துங்கள். ஆனால், அதோடு வேலை முடியவில்லை. பெரும்பாலும் கடவுச்சொல் சரியாக இருந்தால்தான் அந்தக் கேள்வி உங்களிடம் வரும். ஆகவே, அன்றே அதை மாற்றிவிடுங்கள்.