சத்தமில்லாமல் பேசும் மிளகு

கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையிலும் பலாவிலும் மிளகுக்கொடி ஏறி நிற்பது நமக்குத் தெரியும். வெளிநாட்டு வியாபாரிக்குத் தெரியாது. மிளகு என்றாலே மலைப்பயிர் என்றுதான் நினைப்பார். நம்ம சமவெளி மிளகை அவருக்குக் காட்ட 45 விநாடிக் காணொளி போதும். ஆனால் பலபேர் செல்போனில் சத்தத்தை அணைச்சிட்டுத்தான் பார்ப்பாங்க. அதனால் அடியில் வரும் எழுத்துதான் நம்ம வாய்.

எழுத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. ஒரு வரியில் 42 எழுத்துக்கு மேல் வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு வரிதான். விநாடிக்கு 15 எழுத்து என்று வைத்தால் நிதானமாகப் படிக்கலாம். இடைவெளியும் எழுத்துக் கணக்கில் சேரும்.

"எங்க மொளகு பலா மரத்துல ஏறுது, கையால பறிச்சு வெயில்ல காய வக்கிறோம்" என்று நாம் பேசுகிறோம். ஆங்கில எழுத்து இப்படி வரும்:

```
1
00:00:04,000 --> 00:00:09,000
Our black pepper climbs jackfruit trees.
Picked by hand, dried in the sun.
```

முதல் வரி 40 எழுத்து, இரண்டாவது 33. மொத்தம் 73. பதினைந்தால் வகுத்தால் ஐந்து விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. அதான் 4-ல் தொடங்கி 9-ல் முடித்திருக்கிறேன். நாம் மூணு விநாடியில் பேசி முடித்தாலும் எழுத்து ஐந்து விநாடி நிற்கணும். அதற்கேற்ப கொடியைக் காட்டும் காட்சியையும் நீட்டிவிடுங்க.

வெறும் pepper என்று போட்டால் குடைமிளகாயா, மிளகாயா என்று குழப்பம் வரும். black pepper என்றே எழுதணும். "நாட்டு மிளகு" என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் அவருக்கு எதுவும் புரியாது. ஊர், மரம், மாதம் என்று சொன்னால் புரியும்.

"சளிக்கு நல்லது" என்று நாம் சாதாரணமாகச் சொல்வதை எழுத்தில் போடாதீங்க. உணவுப்பொருள் நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்க ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை. organic என்ற சொல்லும் அப்படித்தான். பி.ஜி.எஸ். சான்று உள்நாட்டு விற்பனைக்கு. ஏற்றுமதிக்கு என்.பி.ஓ.பி. சான்று வேணும். அது கைக்கு வரும்வரை உரம் என்ன போட்டோம், எப்படிக் காயவைத்தோம் என்பதை மட்டும் காட்டுங்க.

கடைசி ஆறு விநாடியில் பிராண்டு பெயர், லிட்டர் எடை, ஈரப்பதம், தொடர்பு எண் நாலும் நிற்கட்டும். லிட்டருக்கு 550 கிராம் நின்றால் மணி கெட்டி என்று வாங்குபவருக்குப் புரியும். ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பயம் வரும். அனுப்பப்போகும் சரக்கை அளந்து வந்த எண்ணையே போடணும். மாதிரி கேட்டு வாங்கி அவரும் அளந்து பார்ப்பார்.

வாட்ஸ்அப்பில் அனுப்ப எழுத்தைப் படத்திலேயே பதித்துவிடுங்க. யூடியூபுக்கு எழுத்துக் கோப்பைத் தனியாக .srt என்று சேமித்து ஏற்றலாம். பிறகு ஜெர்மன், அரபு வேண்டுமென்றால் அந்தக் கோப்பை மட்டும் மாற்றினால் போதும்.

அனுப்புமுன் மிளகு வியாபாரம் தெரியாத ஒருவரிடம் சத்தமில்லாமல் ஒருமுறை காட்டுங்க. எந்தப் பொருள், எந்த ஊர், யாரைக் கூப்பிடணும் என்று அவர் சொல்லிட்டா அனுப்பலாம்.