தீயணைப்புச் சான்று: எது திருத்தக்கூடியது, எது கூடாது?

தரைத்தளம் வாகன நிறுத்தம், அதன்மேல் ஆறு மாடிகள், மொத்த உயரம் 21 மீட்டர். சென்னைப் புறநகரில் இப்படி ஓர் அடுக்ககம் எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினாலே அது உயர்மாடிக் கட்டடம். ஆகவே உரிமையாளர் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையிடம் இரண்டு முறை போக வேண்டியிருக்கும். கட்டுவதற்கு முன் தடையின்மைச் சான்று. கட்டி முடித்தபின், சொன்னபடி கட்டியிருக்கிறார் என்பதற்கான இணக்கச் சான்று.

முதல் முறை அதிகாரிகள் பார்ப்பது மனையையும் வரைபடத்தையும்தான். இணையவழி விண்ணப்பத்துடன் பட்டா அல்லது கிரயப் பத்திரம், மனையின் வரைபடம், ஒவ்வொரு தளத்தின் வரைபடம், குறுக்குவெட்டுப் படம் ஆகியவை வழக்கமாகக் கேட்கப்படும். தண்ணீர்த் தொட்டி, குழாய், படிக்கட்டு, அவசர வழி எங்கெங்கே என்பதை அந்தப் படங்களில் குறித்துக் காட்ட வேண்டும். அதன்பின் அலுவலர்கள் நேரில் வந்து இடத்தை அளப்பார்கள்.

அவர்கள் முதலில் அளப்பது வண்டி வரும் வழியை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு உயர்மாடிக் கட்டடத்தின் நுழைவாயிலுக்குக் குறைந்தது 6 மீட்டர் அகலம் கேட்கிறது. வாயிலுக்கு மேலே வளைவோ அறையோ கட்டினால் அடியில் 4.5 மீட்டர் உயர இடைவெளி வேண்டும். சுற்றியுள்ள தரை 45 டன் வரை எடையுள்ள தீயணைப்பு வண்டியைத் தாங்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டியைப் பக்கவாட்டு வெளியில் புதைத்து, மேலே மெல்லிய மூடி போட்டவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கட்டி முடித்தபின் வரும் ஆய்வு வேறு மாதிரி. அப்போது எல்லாவற்றையும் ஓட்டிக் காட்ட வேண்டும். நம் அடுக்ககம் போன்ற 15 முதல் 35 மீட்டர் வரையிலான குடியிருப்புக்கு, மொட்டைமாடியில் 25,000 லிட்டர் தொட்டியும் நிமிடத்துக்கு 900 லிட்டர் தள்ளும் பம்பும் தேவை என்கிறது விதித்தொகுப்பு. பம்ப் முழு வேகத்தில் ஓடினால் அந்தத் தண்ணீர் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே வரும். அதனால் வீட்டு உபயோகத்துக்கு அந்தத் தண்ணீரை எடுக்க முடியாதபடி குழாய் அமைந்திருக்கிறதா என்று ஆராய்வார்கள். தீத்தொட்டி முதலில் நிறைந்து, வழிவது மட்டும் வீட்டுத் தொட்டிக்குப் போவது சரியான ஏற்பாடு.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஜெனரேட்டரில் பம்ப் ஓடுகிறதா என்பதும் சோதனைக்கு வரும். குழாய் பொருத்திய ஒப்பந்ததாரரின் சோதனை அறிக்கை, மின் பாதுகாப்புச் சான்று, லிஃப்ட் உரிமம் ஆகியவற்றையும் கையில் வைத்திருப்பது நல்லது.

நிராகரிப்பில் இரண்டு வகை உண்டு. அழுத்தம் போதவில்லை, அலாரம் ஒலிக்கவில்லை, அணைப்பான் காலாவதி போன்றவை பணம் செலவழித்துச் சில நாளில் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாதவை வேறு: குறுகிய படிக்கட்டு, பக்கவாட்டு வெளியை விழுங்கிய கூடுதல் அறை, அனுமதிக்கு மேல் எழுந்த மாடி. இவற்றுக்கு இடிப்பதைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை.

மூன்றாவதாக, கட்டியது சரி, பயன்பாடு தவறு என்ற நிலையும் உண்டு. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில் தொண்ணூறு பேர் வரை மாண்டனர். வாகன நிறுத்தத்துக்கான அடித்தளத்தில் எரியக்கூடிய பொருள்களைச் சேமித்திருந்தார்கள். அங்கே கிளம்பிய புகை மேல்மாடி நோயாளிகளை மூச்சுத் திணறடித்தது. அதே நகரின் ஸ்டீஃபன் கோர்ட் கட்டடத்தில் 2010 மார்ச்சில் தீப்பிடித்தபோது மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது. மேலே ஓடியவர்களில் பலர் அந்தக் கதவருகிலேயே இறந்தனர். ஆய்வுக்கு வருபவர்கள் அடித்தளத்தில் பழைய கட்டிலையும் அட்டைப்பெட்டிகளையும், மாடிக் கதவில் பூட்டையும் தேடுவது இதனால்தான்.

விண்ணப்பம் திரும்பி வந்தால் குறைகள் எழுத்தில் வரும். ஒவ்வொரு குறைக்கும் எதிரே செய்த திருத்தத்தைப் புகைப்படத்துடன் எழுதிக் கொடுத்து மறு ஆய்வு கேட்கலாம். இணக்கச் சான்று கிடைத்தால்தான் திட்டக் குழுமம் கட்டட நிறைவுச் சான்று தரும். அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிடைக்காது. வீடு வாங்குபவர் பத்திரப் பதிவுக்கு முன்பே கட்டுநரிடம் இந்த இரண்டு சான்றுகளின் நகலையும் கேட்டு, அதிலுள்ள மாடி எண்ணிக்கையை நேரில் எண்ணிப் பார்த்துவிடலாம்.