வாரம் முடியும்போது கைக்கடிகாரம் காட்டும் அந்த எண்

ஓடுபவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஞாயிறு மாலை ஒரு எண் சுற்றிவரும். “இந்த வாரம் லோடு 828” என்று ஒருவர் போடுவார். “எனக்கு 640தான்” என்பார் இன்னொருவர். எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது. அந்த எண்ணைப் பார்த்து அடுத்த வார ஓட்டத்தைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். அது எப்படி உருவாகிறது என்று தெரிந்தவர்கள்தான் குறைவு. கணக்கு பள்ளிக்கூடக் கூட்டல் பெருக்கலைத் தாண்டாது. ஆனால் அதற்குள் சில முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றை அறியாமல் அந்த எண்ணை நம்பி உடம்பை வருத்துவது ஆபத்து.

கடிகார நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சூத்திரம் வைத்திருக்கின்றன. எல்லாவற்றையும் புரிந்துகொள்ள ஏற்ற எளிய முறை, அமெரிக்க டிரையத்லான் வீராங்கனையும் எழுத்தாளருமான சாலி எட்வர்ட்ஸ் 1990களின் தொடக்கத்தில் முன்வைத்தது. ஒருவருடைய இதயம் அதிகபட்சம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கும் என்பதை 100 சதவீதம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதில் 50 முதல் 60 சதவீதம் வரை ஜோன் 1, 60 முதல் 70 வரை ஜோன் 2, இப்படியே 90 முதல் 100 வரை ஜோன் 5. ஜோன் 1இல் கழிந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு புள்ளி, ஜோன் 2இல் இரண்டு, ஜோன் 5இல் ஐந்து. 50 சதவீதத்துக்குக் கீழே இருந்த நேரத்துக்குப் புள்ளியே கிடையாது.

சென்னையில் ஜனவரி மாதம் நடக்கும் மாரத்தானுக்குத் தயாராகும் 40 வயது ஆண் ஒருவரின் ஒரு வாரத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். 220இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய சூத்திரம் அவருக்கு 180 தருகிறது. 2001இல் வந்த தனாகாவின் சூத்திரம், அதாவது 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது, 40 வயதில் அதே 180ஐத்தான் தரும். ஆகவே அவருடைய ஜோன்கள் 90, 108, 126, 144, 162 ஆகிய துடிப்புகளில் தொடங்குகின்றன.

திங்கள் ஓய்வு. செவ்வாய் 40 நிமிட ஓட்டம். கடிகாரம் நொடிக்கு நொடி நாடியைக் குறித்து, எந்த ஜோனில் எவ்வளவு நேரம் என்று கூட்டிவிடும்: ஜோன் 2இல் 10 நிமிடம், ஜோன் 3இல் 30. இருபதும் தொண்ணூறுமாக 110 புள்ளி. புதன் ஓய்வு. வியாழன் வேக ஓட்டப் பயிற்சி, ஒரு மணி நேரம். அதில் 18 நிமிடம் ஜோன் 4, 10 நிமிடம் ஜோன் 5, மீதி உடம்பைச் சூடேற்றியதும் ஆற்றியதும். 193 புள்ளி. வெள்ளி 40 நிமிட நடை, முழுதும் ஜோன் 1, ஆகவே 40. சனி 45 நிமிட நிதான ஓட்டம்: ஜோன் 2இல் 25, ஜோன் 3இல் 20, மொத்தம் 110. ஞாயிறு இரண்டு மணி நேர நீண்ட ஓட்டம்: ஜோன் 2இல் 15 நிமிடம், ஜோன் 3இல் 75, ஜோன் 4இல் 30. 375 புள்ளி. எல்லாம் சேர்த்தால் 828.

இதில் பாதிக்குப் பாதி, 411 புள்ளி, ஜோன் 3இல் இருந்தே வந்திருக்கிறது. வாரத்திலேயே மூச்சு வாங்கவைத்த அந்த ஜோன் 5இன் 10 நிமிடம் தந்தது வெறும் 50. வெள்ளிக்கிழமை நடையோ 40 புள்ளி வாங்கிக்கொண்டது. நெஞ்சு வெடிக்க ஓடியதற்கும் கடற்கரையில் காலாற நடந்ததற்கும் பத்தே புள்ளி வித்தியாசம் என்பதை ஓடிய யாருடைய உடம்பும் ஒப்புக்கொள்ளாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று சீராக ஏறும் எடைகள் கணக்கிடுவதற்கு வசதியானவை என்பதால் வைக்கப்பட்டவை. உடம்பில் களைப்பு அப்படிச் சீராக ஏறுவதில்லை.

இதைக் கனடாவின் எரிக் பேனிஸ்டர் முன்பே கவனித்திருந்தார். 1970களில் தொடங்கிய ஆய்வுகளின் வழியாக அவர் உருவாக்கிய கணக்கில் ஜோன்களே கிடையாது. ஓய்வில் இருக்கும் நாடிக்கும் உச்ச நாடிக்கும் இடையே எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறோம் என்ற விகிதத்தை அவர் எடுத்துக்கொண்டார். அந்த விகிதம் கூடக்கூட எடை மேலும் மேலும் செங்குத்தாக ஏறும்படி அமைத்தார். உழைப்பு கடுமையாகும்போது இரத்தத்தில் லாக்டேட் ஏறும் விதத்தை ஒட்டிய வளைவு அது. ஆண்களுக்கு ஒரு வளைவு, பெண்களுக்குச் சற்று வேறொன்று.

நம் ஓட்டக்காரரின் ஓய்வு நாடி 60 என்று வைத்து அந்த முறையில் பார்த்தால், 171 துடிப்பில் ஓடிய ஒரு நிமிடத்துக்குச் சுமார் 3.5 புள்ளி, 99 துடிப்பில் நடந்த ஒரு நிமிடத்துக்குச் சுமார் 0.4. ஒன்பது மடங்கு. எட்வர்ட்ஸ் முறையில் அது ஐந்தே மடங்கு. பத்து நிமிட வேகத்துக்கு 35, நாற்பது நிமிட நடைக்கு 15 அல்லது 16 என்று வருகிறது. உடம்பு சொல்வதற்கு இது நெருக்கமானது. இரண்டு செயலிகள் ஒரே ஓட்டத்துக்கு வெவ்வேறு எண் காட்டினால் பெரும்பாலும் காரணம் இதுதான்: வளைவு வேறு. ஒன்றின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

எந்த முறையானாலும் உச்ச நாடிதான் அஸ்திவாரம். அதுதான் பெரும்பாலும் தவறாக இருக்கிறது. வயதுச் சூத்திரங்கள் பெருங்கூட்டத்தின் சராசரியைச் சொல்பவை; தனி மனிதருக்கு 10 துடிப்பு கூடவோ குறையவோ இருப்பது சர்வ சாதாரணம். நம் நண்பரின் உண்மையான உச்சம் 190 என்று வைப்போம். ஜோன் 4 இப்போது 144இல் அல்ல, 152இல் தொடங்கும். ஜோன் 3 தொடங்குவது 133இல். ஞாயிற்றுக்கிழமை அவர் ஜோன் 4 என்று எண்ணிய 30 நிமிடமும் 146க்கும் 150க்கும் நடுவே ஓடியவை என்றால், அவை அத்தனையும் ஜோன் 3க்கு இறங்கும்; 30 புள்ளி போயிற்று. ஜோன் 3 என்று எண்ணியதில் 40 நிமிடம் 130ஐ ஒட்டி ஓடியது என்றால் அது ஜோன் 2. இன்னொரு 40 போயிற்று. அதே சாலை, அதே கால்கள், 375 இருந்த இடத்தில் 305. இந்த வகைத் தவறு ஒவ்வொரு வாரமும் ஒரே திசையில் நடப்பதால் கண்ணில் படாது. தன் நிதான ஓட்டம் ஜோன் 4 என்று கடிகாரம் அலறும்போது, பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிகிறது என்றால் உச்ச நாடி குறைவாகப் பதியப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. மருத்துவமனையில் எடுத்த டிரெட்மில் டெஸ்ட் அறிக்கையில் இருக்கும் நாடியைச் சிலர் தங்கள் உச்சமாகப் பதிந்துகொள்கிறார்கள். அந்தச் சோதனையைப் பல நேரம், வயதுச் சூத்திரம் தரும் எண்ணின் 85 சதவீதத்தைத் தொட்டதும் நிறுத்திவிடுவார்கள். டாக்டருக்கு அது போதும். அது உச்சம் அல்ல. நன்றாகப் பழகியவர்கள், மேட்டில் மூன்று நான்கு முறை ஏறி ஓடி, கடைசி முறை முழு மூச்சாக ஓடும்போது வரும் எண் உண்மைக்கு அருகில் இருக்கும். இதய நோய், இரத்த அழுத்தம், சர்க்கரை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடி மருந்தாலேயே அடங்கியிருக்கும். வயதுச் சூத்திரத்தில் போட்ட ஜோன்கள் அவர்களுக்குப் பொருந்தாது.

அளக்கும் கருவியும் ஏமாற்றும். மணிக்கட்டில் பச்சை ஒளி பாய்ச்சி அளக்கும் கடிகாரங்கள் சில நேரம் நாடியை விட்டுவிட்டுக் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். ஓடும்போது நிமிடத்துக்கு 160, 170 அடிகள் வைப்போம். கடிகாரமும் நாடி 170 என்று காட்டும். அன்று நிதானமாக ஓடிய 40 நிமிடம் ஜோன் 5ஆகிவிடும், 110 வரவேண்டிய இடத்தில் 200 வரும். கண்டுபிடிப்பது எளிது: ஓடத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்திலேயே கோடு உச்சத்துக்குத் தாவி, மேடோ பள்ளமோ இல்லாமல் நீண்டிருக்கும். நின்று, கழுத்தில் விரல் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும். வாரை இறுக்கி மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே கட்டினால் பெரும்பாலும் சரியாகும். மார்பில் கட்டும் பட்டை இன்னும் நம்பகமானது.

கருவி சரியாக அளந்தாலும், சிறு வேகங்களைக் கணக்கு பிடிக்காது. 30 நொடி பாய்ந்து ஓடினால் இதயம் மேலே ஏறி முடிவதற்குள் பாய்ச்சல் முடிந்துவிடும். தொடைத்தசை முழு உழைப்பையும் தந்துவிட்டது. கடிகாரமோ அதை ஜோன் 3 என்று எழுதுகிறது. மலையிறக்கத்தில் ஓடுவதும் அப்படித்தான்: நாடி தணிந்திருக்கும், முழங்காலும் தொடையும் மறுநாள் படியிறங்க விடாது. சென்னையின் மே மாதத்தில் இதுவே தலைகீழாகும். காலை ஆறரைக்கே புழுக்கம். உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு இரத்தம் போகிறது, வியர்வையில் நீர் குறைகிறது, அதே வேகத்துக்கு நாடி பத்து, பதினைந்து கூடிவிடுகிறது. புள்ளி ஏறுகிறது. இது பொய்யல்ல, இதயம் உண்மையிலேயே அவ்வளவு உழைத்தது. ஆனால் கால்கள் அந்த அளவுக்குப் பயிற்சி பெறவில்லை. மே மாத 828ஐயும் டிசம்பர் மாத 828ஐயும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

வாரக் கூட்டுத்தொகை மறைக்கும் இன்னொன்றும் உண்டு: அந்தப் புள்ளிகள் ஏழு நாளில் எப்படிப் பரவியிருந்தன என்பது. அமெரிக்க உடற்பயிற்சியியலாளர் கார்ல் ஃபாஸ்டர் இதற்கு ஒரு வழி சொன்னார். அவர் நாடியை விட்டுவிட்டு, பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்று ஓடியவரே சொல்லும் மதிப்பெண்ணை நிமிடத்தால் பெருக்கியவர். ஆனாலும் அவர் வழி இந்தப் புள்ளிகளுக்கும் பொருந்தும். நாள் சராசரியை, நாளுக்கு நாள் உள்ள ஏற்ற இறக்கத்தின் அளவான திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். நம் ஓட்டக்காரரின் நாள் சராசரி 118, திட்ட விலக்கம் 133, வகுத்தால் 0.9 வருகிறது. அதே 828ஐ ஓய்வே இல்லாமல் தினமும் நூற்றுச்சொச்சமாகப் பிரித்து ஓடி, திட்ட விலக்கம் 40 என்று வந்திருந்தால் விடை 3ஐ நெருங்கும். 2ஐத் தாண்டினாலே நோய்வாய்ப்படும் வாய்ப்பு கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும் என்பது ஃபாஸ்டர் வழியில் வந்தவர்கள் வைத்திருக்கும் அளவு. கூட்டுத்தொகை ஒன்றே, ஆனால் இரண்டாவது ஆளுக்கு உடம்பு தேறிக்கொள்ள ஒரு நாளும் கிடைக்கவில்லை.

அதனால் இந்த எண்ணை வைத்துக்கொள்பவர்கள் பக்கத்திலேயே மூன்று விவரங்களையும் எழுதி வைப்பது பயன்படும்: அன்று காலை வெயில் எப்படி இருந்தது, ஓடும்போது பேச முடிந்ததா, வாரத்தில் எத்தனை நாள் சுழியம். உச்ச நாடியைத் திருத்தினால், அந்தத் தேதியில் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். கோட்டுக்கு முன்னால் இருக்கும் வாரங்களும் பின்னால் வரும் வாரங்களும் வேறு வேறு அளவுகோலில் அளந்தவை. பழைய வாரங்களைப் புது ஜோன்களில் மறுபடி கூட்டிப் பார்த்தால் தவிர அவற்றை ஒப்பிட முடியாது. பல செயலிகள் பழைய எண்களைத் தாமாக மாற்றுவதில்லை.